பார்கோடு 8.90123E+12 ஆகிவிடும் பழுது: சப்போர்ட் கட்டுரையின் புதிய வரைவு, படித்துத் திருத்துங்கள்

வைகைத்தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து தரும் ஒரு மதுரை நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். ஃபோன் எடுக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டிய அறிவுத்தளக் கட்டுரைகளை எழுதுவதும் என் பொறுப்புதான். நான் எழுதிய ஒரு கட்டுரையால் மேலூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரரின் அரை நாள் வியாபாரம் போய்விட்டது. அதைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் இந்த வேலை தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

நடந்தது இதுதான். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நினைவிருக்கும். முந்தின நாள் இரவு அந்த அண்ணாச்சி சரக்குப் பட்டியல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, எக்செலில் திறந்து, ஜிஎஸ்டியை மட்டும் மாற்றி, அதே பெயரில் சேமித்து, "பழைய பட்டியலை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்று" என்ற முறையில் இம்போர்ட் செய்திருக்கிறார். காலையில் கடையைத் திறந்து முதல் சோப்பை ஸ்கேன் செய்தால் "ஐட்டம் இல்லை" என்கிறது. அடுத்ததும் அப்படியே.

எங்கள் மென்பொருள் 4.2 பதிப்பிலிருந்து .xlsx க்குப் பதிலாக .csv கோப்பைத் தருகிறது. கோப்புக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்:

```
பார்கோடு,பெயர்,விலை,ஜிஎஸ்டி
8901234500019,மஞ்சள் சோப்பு,38,18
8901234500026,வேம்பு சோப்பு,40,18
8901234500033,பல் துலக்கி,25,18
000457,கடலைப்பருப்பு 1கி,110,5
```

இதை எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறந்து, ஜிஎஸ்டியை மாற்றிச் சேமித்தால், வட்டில் எழுதப்படுவது இது:

```
பார்கோடு,பெயர்,விலை,ஜிஎஸ்டி
8.90123E+12,மஞ்சள் சோப்பு,38,5
8.90123E+12,வேம்பு சோப்பு,40,5
8.90123E+12,பல் துலக்கி,25,5
457,கடலைப்பருப்பு 1கி,110,5
```

ஒரே கம்பெனியின் சரக்குகளுக்குப் பார்கோட்டின் முன்பாதி ஒன்றாகவே இருக்கும். ஆறு இலக்கத்துக்கு மேல் வெட்டுப்பட்டால் அவை எல்லாமே ஒரே எண் ஆகிவிடுகின்றன. எங்கள் இம்போர்ட் பார்கோட்டை வைத்துத்தான் சரக்கை அடையாளம் காண்கிறது, அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். அந்தக் கடையில் ஒரு கம்பெனியின் 46 சரக்குகள் போய் ஒரு பல் துலக்கி மட்டும் நின்றது.

பிறகு அவர் எங்களை அழைத்தார். எடுத்த பிள்ளை என் பழைய கட்டுரையைத் திறந்து படித்தாள். அதில், "பார்கோடு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Format Cells போய் Number ஆக்கி, Decimal places 0 வைத்து, சேமித்து, மறுபடி இம்போர்ட் செய்யவும்" என்று இருந்தது. அவள் சொன்னபடியே அவரும் செய்தார். திரையில் 13 இலக்கம் வந்ததும் இருவருக்கும் சந்தோஷம். வந்த எண் 8901230000000. கெட்டுப்போனதை இன்னொரு தடவை ஏற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் எப்படி மீட்டோம் என்றால், முந்தின இரவு அவர் எக்ஸ்போர்ட் பொத்தானைத் தெரியாமல் இரண்டு தடவை அழுத்தியிருந்தார். Downloads கோப்புறையில் `stock (1).csv` என்று திறக்கப்படாத பிரதி ஒன்று கிடந்தது. அது மட்டும் இல்லையென்றால் இரண்டு நாள் பழைய பேக்கப்புக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இப்போது புதிய வரைவு. "எக்செலில் பார்கோடு E ஆகிவிட்டது, ஸ்கேன் செய்தால் ஐட்டம் இல்லை என்கிறது" என்பதுதான் தலைப்பு. கடைக்காரர் வாயில் வருவதை அப்படியே வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள். பாதிக்கும் பதிப்பு 4.2, 4.3. மாற்றுவழியைச் சுருக்கிச் சொன்னால், கோப்பை இரட்டை கிளிக் செய்து திறக்கக் கூடாது. காலி எக்செல் ஒன்றைத் திறந்து `Data > From Text/CSV` வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, `File Origin` இல் `65001: Unicode (UTF-8)`, `Data Type Detection` இல் `Do not detect data types` வைத்து `Load` கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டியைத் திருத்தி `CSV UTF-8 (Comma delimited)` ஆக வேறு பெயரில் சேமிக்க வேண்டும். பிறகு இம்போர்ட்.

எதை விட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

---

ஒத்தக்கடையான்

அக்கா, உங்கள் பழைய கட்டுரையில் தப்பு எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் நாலைந்து வருடமாக Format Cells, Number, 0 என்றுதான் சொல்லி வருகிறேன். பார்கோடு முழுசாகத் திரும்ப வருகிறது, நானே பார்த்திருக்கிறேன். E+12 என்பது வெறும் காட்சிதான், உள்ளே எண் அப்படியே இருக்கும். From Text/CSV, 65001 என்றெல்லாம் ஃபோனில் ஒரு கடைக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? எளிய வழி இருக்கும்போது எதற்குச் சுற்றி வளைப்பது?

---

பழைய_சப்போர்ட்

தம்பி ஒத்தக்கடையான் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து.

கோப்பைத் திறந்தவுடன், இன்னும் சேமிக்காத நிலையில், E+12 என்பது காட்சி மட்டும்தான். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரை சரியாக வைத்திருக்கும், பார்கோடு 13 தான். அந்த நேரத்தில் Number ஆக்கினால் முழு எண்ணும் வந்துவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான். ஆனால் சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருக்கும் எண்ணை எழுதாது, கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுதும். அப்படியே ஒரு தடவை சேமித்துவிட்டால் 8.90123E+12 என்ற எழுத்துதான் கோப்பில் இருக்கும், மிச்ச இலக்கங்கள் உலகத்தில் எங்கேயும் இல்லை. அதன் பிறகு Number ஆக்கினால் பூஜ்யங்களால் நிரப்பி 13 இலக்கமாகக் காட்டும், பார்ப்பவருக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

ஆக ஒரே படிதான். சேமிக்காத கோப்பில் மருந்து, சேமித்த கோப்பில் விஷம். கடைக்காரர் ஃபோன் செய்யும்போது பெரும்பாலும் சேமித்து, இம்போர்ட்டும் செய்து, ஸ்கேன் ஆகவில்லை என்ற பிறகுதான் செய்வார்.

உங்கள் வரைவில் குறை என்று கேட்டால், வைகைத்தென்கரை, அது இங்கேதான் இருக்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்று நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஃபோன் எடுக்கும் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கோப்பு நல்லதா, கெட்டதா என்பது. அந்தக் கேள்வியே வரைவில் இல்லை. கட்டுரையின் முதல் வரி அதுவாக இருக்க வேண்டும்.

சோதிக்க எக்செலைப் பயன்படுத்தவே கூடாது. நல்ல கோப்பைத் திறந்தாலும் எக்செல் E+12 என்றுதான் காட்டும். கடைக்காரர் பதறிப்போய் எதையாவது அழுத்திச் சேமித்துவிட்டால், நல்லதும் கெட்டுவிடும். வலது கிளிக், Open with, நோட்பேட். அதில் Ctrl+F போட்டு `E+1` என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் கெட்ட கோப்பு. இல்லையென்றால் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மேலூர்க் கடை மாதிரி Number ஆக்கி மறுபடி சேமித்திருந்தால் E இருக்காது. அதனால் `000000,` என்றும் ஒரு தடவை தேட வேண்டும். நம் பிள்ளை ரிமோட்டில் இருந்தால் இரண்டு கட்டளை போதும்:

```
findstr /L /N /C:"E+1" stock.csv
findstr /L /N /C:"000000," stock.csv
```

எந்த வரிசையில் இருக்கிறது என்ற எண்ணோடு வரும். ஒன்றும் வரவில்லை என்றால் மேலே தொடரலாம்.

---

வைகைத்தென்கரை

அண்ணே, இதைப் படித்ததும் அந்தக் காலை மறுபடி கண் முன்னால் வந்துவிட்டது. "13 இலக்கம் வந்துவிட்டதா" என்று கேட்கத்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வந்தது எது என்று பார்க்கச் சொல்லவில்லை. சோதனையை முதல் படியாக்குகிறேன்.

இன்னொன்று தோன்றுகிறது. பார்கோட்டின் கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டிலிருந்து கணக்கிட்டு வருவதுதானே? 8901230000000 என்பதற்குக் கணக்குப்படி கடைசி இலக்கம் 1 வர வேண்டும், 0 இல்லை. இம்போர்ட் செய்யும்போதே இதைச் சரிபார்த்து நிறுத்தியிருந்தால் அவர் கடை தப்பித்திருக்கும்.

---

கீழமாசிவீதி

நான் சப்போர்ட் ஆள் இல்லை, மொத்த வியாபாரம். இதே பிரச்சினைதான் எனக்கும். பட்டியலை எக்செலில் திறந்தால் சரக்குப் பெயரெல்லாம் `à®®à®žà¯` என்று ஏதோ பாஷையில் வருகிறது. கணினி வைத்துக் கொடுத்த பையன் பாமினி ஃபான்ட் போட்டால் சரியாகும் என்றான், போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது பெயர் இருந்த இடத்தில் வெறும் `?????` மட்டும் இருக்கிறது. இதற்கும் இந்தக் கட்டுரையில் வழி இருக்கிறதா?

---

பழைய_சப்போர்ட்

அண்ணாச்சி, அது வேறு பழுது, ஆனால் அதே கோப்பில் வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இது ஃபான்ட் விஷயமே இல்லை. கோப்பில் தமிழ் யூனிகோடில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது UTF-8 என்று சொல்லும் அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லாததால், எக்செல் அதை ஆங்கில எழுத்துகளாக நினைத்துப் படிக்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் `à®` அல்லது `à¯` என்று தொடங்குவதாகக் காட்டும். அந்த நிலையில் ஒன்றும் போகவில்லை. எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, மேலே சொன்ன `Data > From Text/CSV` வழியில் 65001 வைத்துத் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

`?????` வேறு கதை. தமிழ் சரியாகத் தெரிந்த ஒரு பட்டியலை யாரோ சாதாரண `CSV (Comma delimited)` ஆகச் சேமித்திருக்கிறார்கள். அந்த வகையில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக எழுதிவிடும். அது திரும்ப வராது. பேக்கப்பில் பெயர்கள் இருக்கிறதா என்று உங்கள் மென்பொருள்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இந்தக் கோப்பை இம்போர்ட் செய்யாதீர்கள்.

---

கீழமாசிவீதி

இம்போர்ட் செய்யவில்லை, நல்லவேளை. மென்பொருளில் பெயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் புதிதாக எக்ஸ்போர்ட் எடுத்துக்கொள்ளலாம் போல. நன்றி.

---

கோடுஎழுதி

நான் மென்பொருள் எழுதும் பக்கம். மனசில் பட்டதைச் சொல்கிறேன். இதைத் "தெரிந்த பழுது" என்று அறிவுத்தளத்தில் எழுதுவது சரியில்லை. எங்கள் கோப்பு சரி. கெடுப்பது எக்செல். இப்படி ஒரு டிக்கெட் எங்களிடம் வந்தபோது "பழுது இல்லை" என்று மூடினோம். வேண்டுமானால் எக்ஸ்போர்ட்டில் பார்கோட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு `"8901234500019"` என்று எழுதினால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், பத்து நிமிட வேலை.

---

பழைய_சப்போர்ட்

எடுத்துக்கொள்ளாது தம்பி. சிஎஸ்வியில் மேற்கோள் குறி இருப்பது உள்ளே காற்புள்ளி வந்தால் பிரித்துவிடாமல் இருக்க மட்டும்தான். எக்செல் குறியை எடுத்துவிட்டு உள்ளே எண் இருக்கிறதா என்று பார்த்து, அதே E+12 ஆக்கிவிடும். `000457` கூட 457 தான் ஆகும். ஒரு கோப்பு செய்து திறந்து பாருங்கள், ஒரு நிமிடம்.

---

கோடுஎழுதி

பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி, அப்படியேதான் வருகிறது. மேற்கோள் யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனாலும் எக்செல் செய்வதை எங்கள் பழுது என்று ஏன் சொல்ல வேண்டும்?

---

வைகைத்தென்கரை

4.1 வரை நாம் .xlsx கொடுத்தோம், பார்கோடு எழுத்தாக இருந்தது, ஒரு அழைப்புகூட வந்ததில்லை. 4.2 இல் நாம்தான் மாற்றினோம். கடைக்காரர் எக்செலில்தான் திறப்பார் என்பது நமக்குத் தெரியாதா? மேலூர் அண்ணாச்சி எக்செலை வாங்கி நம்மிடம் வரவில்லை. நம் மென்பொருளில் இருந்த பொத்தானை அழுத்தினார், நம் மென்பொருளிலேயே திரும்ப ஏற்றினார், அவர் கடை நின்றது.

பிள்ளைகளுக்கும் இது முக்கியம். "எக்செல் பிரச்சினை" என்று கட்டுரையில் எழுதினால், ஃபோனில் "அது எங்கள் பொறுப்பில்லைங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "தெரிந்த பழுது, 4.2 முதல், சரிசெய்த பதிப்பு இன்னும் இல்லை" என்று எழுதினால் கூடவே இருந்து மீட்டுத் தருவார்கள், டிக்கெட்டிலும் இந்தப் பழுதின் எண்ணைச் சேர்ப்பார்கள். எத்தனை கடை என்ற கணக்கு அப்போதுதான் உங்கள் பக்கம் வரும்.

---

சோழவந்தான்பக்கம்

அக்கா, நான் இந்த வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வேறு நிறுவனம், ஆனால் உங்கள் மென்பொருள் எங்கள் சித்தப்பா கடையில் இருக்கிறது, 4.2. உங்கள் வரைவை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி எழுதியிருக்கிறபடி ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தேன். பேக்கப் எடுத்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

முதலில், Load ஆனதும் மேலே `Column1`, `Column2` என்று புதிதாக ஒரு வரிசை வந்தது. "பார்கோடு, பெயர், விலை" என்ற தலைப்பு இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது. கட்டுரையில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் அப்படியே விட்டேன். இரண்டாவது, பார்கோடு கட்டத்தின் மூலையில் எல்லாம் சின்னதாகப் பச்சை முக்கோணம். அதைத் தொட்டால் `Convert to Number` என்று கேட்கிறது. தொடவில்லை. மூன்றாவது, சேமித்து இம்போர்ட் செய்தால் "பார்கோடு நெடுவரிசை இல்லை" என்று நின்றுவிட்டது.

சரி, அந்த Column1 வரிசையால்தான் என்று நினைத்து அதை அழிக்கப் பார்த்தேன். அழிய மறுத்தது. `Table Design > Convert to Range` கொடுத்த பிறகுதான் அழிக்க முடிந்தது. மறுபடி சேமித்து இம்போர்ட் செய்தேன். மறுபடியும் அதே "பார்கோடு நெடுவரிசை இல்லை". நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் வரிசையில் பார்கோடு என்று தெளிவாக இருக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை.

---

வைகைத்தென்கரை

தம்பி, ரொம்ப நன்றி. Column1 விஷயம் முழுக்க என் தவறு. நான் செய்யும்போது கை தானாக அந்த வரிசையை அழித்துவிடுகிறது, எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. பச்சை முக்கோணம் நல்ல அறிகுறி, பார்கோடு எழுத்தாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் தொடாமல் விட்டதுதான் சரி. அதையும் எழுதிவிடுகிறேன், பார்கோடு கட்டத்துக்குள் போய் எதையும் தட்ட வேண்டாம் என்றும்.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. என் கணினியில் இம்போர்ட் ஆனது. என்னிடம் இருப்பது 4.3.

---

பழைய_சப்போர்ட்

விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். `CSV UTF-8` ஆகச் சேமித்தால் எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை எழுதும். கீழமாசிவீதி அண்ணாச்சிக்குச் சொன்னேனே, அதே அடையாளம். 4.2 இம்போர்ட் அதை அகற்றாமல் படித்தால், முதல் நெடுவரிசையின் பெயர் "பார்கோடு" ஆக இருக்காது, முன்னால் ஒரு தெரியாத எழுத்து ஒட்டிய "பார்கோடு" ஆக இருக்கும். நோட்பேடில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. 4.3 இல் யாரோ சரிசெய்திருக்கிறார்கள்.

சோழவந்தான் தம்பி, நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து கீழே வலது மூலையைப் பாருங்கள். `UTF-8 with BOM` என்று இருக்கும். Save As கொடுத்து, `Encoding` இல் வெறும் `UTF-8` வைத்துச் சேமித்து, இம்போர்ட் செய்து பாருங்கள்.

---

சோழவந்தான்பக்கம்

ஆகிவிட்டது அண்ணே! பார்கோடு முழுசாக, தமிழ்ப் பெயர் முழுசாக, 000457 கூட 000457 ஆகவே இருக்கிறது. சித்தப்பா கடையில் பத்துச் சரக்கை ஸ்கேன் செய்து பார்த்தேன், எல்லாம் வந்தன.

---

கோடுஎழுதி

உறுதி செய்கிறேன். 4.3 இல் அதை அகற்றும் வரி சேர்த்திருக்கிறோம், வேறு ஒரு வாடிக்கையாளருக்காக. வெளியீட்டுக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிட்டோம், அது எங்கள் பக்கத் தவறு.

---

திருமங்கலம்_மருந்துக்கடை

நாங்கள் மருந்துக் கடை. `E+1` தேடினால் "விட்டமின் E" மாத்திரையெல்லாம் வந்துவிடாதா? அப்புறம், எங்கள் மகன் கல்லூரிக் கணினியில் உள்ள எக்செலில் File > Options > Data இல் எண்ணாக மாற்றுவதையே நிறுத்திவிடலாம் என்கிறான். அதைச் செய்துவிட்டால் இவ்வளவும் தேவையில்லையே?

---

பழைய_சப்போர்ட்

"விட்டமின் E" மட்டும் என்றால் வராது, E க்குப் பக்கத்தில் +1 வந்தால்தான் வரும். வந்தாலும் அந்த வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பெயரில் இருக்கிறதா, பார்கோட்டில் இருக்கிறதா என்று.

மகன் சொல்வது உண்மை. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் 365 மாதிரிப் புதிய எக்செலில்தான் இருக்கிறது. சப்போர்ட் கட்டுரையில் அதை நம்ப முடியாது, பல கடைகளில் இருப்பது 2007, 2010. அதில் `CSV UTF-8` ஆகச் சேமிக்கும் வசதியே கிடையாது. வைகைத்தென்கரை, இதையும் நீங்கள் எழுத வேண்டும். பழைய எக்செல் உள்ள கடையில் இந்த மாற்றுவழியைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், பெயரெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். கோப்பை நம்மிடம் அனுப்பச் சொல்லி நம் கணினியில் திருத்தி அனுப்புவதுதான் வழி.

---

வைகைத்தென்கரை

ஒன்றிரண்டு கடை என்றால் செய்துவிடலாம் அண்ணே. செப்டம்பர் 22 மாதிரி ஒரு வாரம் வந்தால் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அத்தனை கோப்பையும் எப்படித் திருத்துவது? இதற்கு என்னிடம் விடை இல்லை. இப்போதைக்கு அப்படியே எழுதுகிறேன்.

---

ஒத்தக்கடையான்

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்று காலை எங்கள் பழைய டிக்கெட்டுகளைப் பார்த்தேன். Number ஆக்கச் சொன்ன கடைகளில் இரண்டு, அடுத்த நாளே மறுபடி அழைத்திருக்கின்றன. நாங்கள் அதைப் புதுப் பிரச்சினையாகப் பதிந்து வைத்திருக்கிறோம். அவர்களை இன்று நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

ஒரு யோசனை. நோட்பேடில் Save As, Encoding என்று ஃபோனில் சொல்வது கஷ்டம். அதற்குப் பதிலாக எக்செலிலேயே பார்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு காலி நெடுவரிசை செருகி, தலைப்பில் `x` என்று தட்டச்சு செய்தால் என்ன? அந்தத் தெரியாத எழுத்து `x` மேல் ஒட்டிக்கொள்ளும். பார்கோடு இரண்டாவது நெடுவரிசை, அதற்கு ஒன்றும் ஆகாது. தெரியாத நெடுவரிசையை இம்போர்ட் கண்டுகொள்ளாமல் விட்டால் வேலை முடிந்தது.

---

வைகைத்தென்கரை

பழைய 4.2 கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து இப்போதுதான் செய்து பார்த்தேன். `x` நெடுவரிசையைக் கண்டுகொள்ளவில்லை, முழுப் பட்டியலும் சரியாக ஏறியது. நோட்பேட் படியைவிட இது ஃபோனில் சொல்ல மிக எளிது. தம்பி, நல்ல யோசனை.

---

பழைய_சப்போர்ட்

எளிதுதான், ஆனால் எனக்கு முழு சம்மதம் இல்லை. தெரியாத நெடுவரிசையை மென்பொருள் இன்று சும்மா விடுகிறது, அது யாரும் கொடுத்த வாக்குறுதி இல்லை. நாளை யாராவது "தெரியாத நெடுவரிசை வந்தால் நிறுத்து" என்று ஒரு சோதனை சேர்த்தால், அன்று காலை எத்தனை கடை நிற்கும்? எழுதுவதானால் 4.2 க்கு மட்டும் என்று பதிப்பைப் போட்டு, எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

கோடுஎழுதி

4.2 இல் இனி மாற்றம் எதுவும் வராது, அதனால் அங்கே `x` பாதுகாப்பு. மூடிய டிக்கெட்டை மறுபடி திறந்துவிட்டேன், .xlsx எக்ஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுவரவும், கடைசி இலக்கச் சோதனையை இம்போர்ட்டில் சேர்க்கவும். ஆனால் இலக்கச் சோதனையில் ஒரு சிக்கல். கடைக்காரர்கள் சொந்தமாகப் போடும் 000457 மாதிரி எண்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. 13 இலக்கம் உள்ளவற்றுக்கு மட்டும் பார்க்கலாம். அதிலும், வெட்டுப்பட்ட எண்ணில் பத்தில் ஒன்று தற்செயலாகக் கணக்குக்குப் பொருந்திப்போகும். தேதி சொல்ல என்னால் முடியாது, மேலே கேட்டிருக்கிறேன்.

---

வைகைத்தென்கரை

ஒன்று பொருந்தினாலும் மற்ற ஒன்பது காட்டிக்கொடுக்குமே, அதுவே போதும். ஒரு கோப்பில் நாலைந்து எண் தவறினாலே இம்போர்ட்டை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

கட்டுரையை மாற்றிவிட்டேன். முதல் படி நோட்பேட் சோதனை. கோப்பு கெட்டிருந்தால் எக்செல் பக்கமே போகாமல் Downloads இல் திறக்காத பிரதியைத் தேடுவது, இல்லையென்றால் பேக்கப். புதிதாக எக்ஸ்போர்ட் எடுப்பது இம்போர்ட் செய்யாதவருக்கு மட்டும், செய்தவருக்குக் கெட்ட பட்டியலே திரும்ப வரும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். பிறகுதான் மாற்றுவழி, Column1 வரிசையை அழிப்பதோடு. `x` நெடுவரிசை 4.2 க்கு மட்டும், சோதித்த தேதியோடு. "சரிசெய்த பதிப்பு" என்ற இடம் காலியாக இருக்கிறது.

நாளைக் காலை மேலூர் அண்ணாச்சி கடைக்கு நேரில் போகிறேன். பட்டியல் மீண்டாலும் அந்த 46 சரக்கின் இருப்பை அவர் இன்னும் கையால் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைதான், யாராவது உதவ வருவதானால் ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள், கூட்டம் தொடங்கிவிடும்.